முதலில் அந்து அறை

தெற்கு தில்லியில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பின்கட்டில் வீராயி காலை எட்டு மணிக்குத் திறக்கும் அறையில் இருநூறு பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் உடைத்த கம்பு, அதோடு கலந்த நிலக்கடலைப் பொடி, கொஞ்சம் ஈஸ்ட், தானியத்தில் உண்ணி பிடிக்காமலிருக்கக் கந்தகத் தூள். பெட்டியின் வாயைக் காடாத்துணி மூடியிருக்கும். உள்ளே கம்பைத் தின்று புழுக்கள் வளரும். சுமார் நாற்பத்தைந்து நாளில் அவை சாம்பல் நிற அந்துப்பூச்சிகளாகும். வீட்டு அரிசிப் பானையில் வரும் அதே பூச்சிதான். வீட்டில் பார்த்தால் நசுக்குவோம். இங்கே அதற்கென்று ஹீட்டர், ஈரப்பதமானி, பூட்டு, சாவி.

காரணம் அதன் முட்டை. அந்த முட்டையைப் பசை தடவிய அட்டையில் தூவி, உள்ளிருக்கும் கரு செத்துப்போகும்படி புற ஊதா விளக்கின் கீழ் வைத்து எடுப்பார்கள். கரு சாகாவிட்டால் புழு பொரிந்து அக்கம்பக்கத்து முட்டைகளைத் தின்றுவிடும். பிறகு அந்த அட்டையை டிரைக்கோகிரம்மா என்ற குளவியிடம் கொடுப்பார்கள். ஊசிமுனை அளவுகூட இராத குளவி. அது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையை இடும். நான்காம் நாள் அட்டை கறுத்துவிடும். எட்டாம் நாள்வாக்கில் அந்து முட்டைக்குள்ளிருந்து குளவி வெளியே வரும். அதற்கு ஒரு நாள் முன்பு அட்டையைத் துண்டுகளாக வெட்டி, வயலில் இலைக்கு அடியில் குத்தி வைத்தால், தக்காளியைத் துளைக்கும் புழு முட்டையாக இருக்கும்போதே முடிந்துபோகும். விஷம் தெளிக்க வேண்டாம்.

அடுத்த அறையில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் புழுக்கள் வளர்கின்றன. ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் தனித்தனிக் குழியில் அடைத்து வளர்க்கிறார்கள். அவற்றுக்கும் தீனி இதே அந்து முட்டைதான். நடைக்கூடத்தின் கடைசியில் உள்ள பிரக்கான் குளவிகளுக்கு அந்தின் புழு வேண்டும். பூஞ்சாணத்தையும் வைரஸையும் வளர்க்கும் மாடி அறைகள் மட்டும் தனி. மற்றபடி அந்தக் கட்டடம் முழுவதும் வீராயியின் அறையைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது.

வீராயிக்கு நாற்பத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகி தில்லிக்கு வந்தவள். வடிகால் ஓரத்துக் குடியிருப்பில் ஒற்றை அறை. கணவன் அப்பாவு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவன். உட்கார்ந்தபடி சமைப்பான், துணி மடிப்பான், அதற்கு மேல் முடியாது. ஆகவே ஏழு வருடங்களாக அந்தக் குடும்பத்தைத் தாங்குவது அந்துப்பூச்சி. டேக்கேதார் என்ற ஒப்பந்தக்காரரின் ஆளாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பெயராக, அவள் அங்கே இருக்கிறாள்.

பூச்சி பிடிப்பதுதான் அவளுடைய முதல் வேலை. துணியைத் தூக்கி, உள்ளே ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கண்ணாடிக் குழாயில் ஒவ்வொன்றாகப் பிடித்து, அடியில் கம்பிவலை போட்ட டிரம்முக்குள் விட வேண்டும். பூச்சி இடும் முட்டை வலை வழியே கீழே தட்டில் விழும். முட்டையோடு செதிலும் விழும். இறக்கையிலிருந்து உதிரும் மாவு போன்ற செதில், அறையெங்கும் பறக்கும். முட்டையைச் சலித்தால் இன்னும் பறக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் காற்றே சாம்பலாகத் தெரியும்.

அந்தச் செதில் மூச்சுக்குழாய்க்குக் கெடுதல் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. அந்துப்பூச்சி வளர்க்கும் முறையைச் சொல்லும் பயிற்சிக் கையேடுகளிலேயே இருக்கிறது. முகமூடி அணிக, காற்றுறிஞ்சி பொருத்துக. மாணவர்கள் பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த அறையின் காற்றுறிஞ்சி இரண்டு வருடங்களாக ஓடவில்லை. குளிர்காலத்தில் அந்த ஓட்டை வழியே சூடு போய்விடும் என்று பிறகு அதை அட்டை வைத்து அடைத்துவிட்டார்கள்.

வருடக்கணக்காக இருந்த இருமல் நவம்பரில் வீராயிக்கு இழுப்பாக முற்றியது. அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருத்தி முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "கியா காம் கர்தீ ஹோ?" என்று வேலையை விசாரித்தாள். வீராயி சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். அந்த வேலையை விட்டால் இது அடங்கும், விடாவிட்டால் அடங்காது, சீட்டில் எழுதித் தரட்டுமா என்று இந்தியில் கேட்டாள்.

"நஹீ டாக்டர் ஜி. லிக்னா மத்," என்றாள் வீராயி. வாயில் வைத்து மருந்து இழுக்கும் பம்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எழுத வேண்டாம் என்றதற்குக் காரணம் பவுனு. அவளோடு ஆறு வருடம் அதே அறையில் பூச்சி பிடித்தவள் பவுனு. செப்டம்பரில் இதே மாதிரி சீட்டு ஒன்றை டேக்கேதாரிடம் நீட்டினாள். டேக்கேதார் நன்றாகப் படித்துப் பார்த்தார். "உடம்பப் பாத்துக்கோ," என்று அன்பாகத்தான் சொன்னார். அக்டோபர் பட்டியலில் பவுனு இல்லை. அவளுடைய இடத்துக்கு வேறு யாரையும் போடவுமில்லை. பூச்சி பிடித்த பிறகு பவுனு பார்த்துவந்த பிரக்கான் அறையும் வீராயி தலையில் விழுந்தது.

இங்கேதான் அந்தக் கட்டடத்தின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். முதலில் அந்து அறை, பிறகு குளவி அறை. குளவி அறைக்குள் போனவர்கள் அன்று திரும்ப அந்து அறைக்குள் வரக்கூடாது. பிரக்கான் குளவி எறும்பளவுதான். ஆனால் வளர்ந்த புழுவைக் கண்டால் கொட்டும். கொட்டப்பட்ட புழு சாகாது, அசையாது. அதன் மேல் குளவி முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் புழுவை வெளியிலிருந்தே உறிஞ்சிவிட்டுப் பக்கத்தில் வெள்ளைக் கூடு கட்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை கிளம்பும். முட்டை இடத் தேவையானதைவிடப் பல மடங்கு புழுக்களை அது கொட்டிப் போடும். பருத்தியிலும் தென்னையிலும் இந்தக் குணம் வரம். அந்து அறையில் சாபம்.

வீராயிக்கு இந்த வரிசை மனப்பாடம். ஆனால் நவம்பர் காலைகளில் அவள் நெஞ்சு வரிசைப்படி வேலை செய்யவில்லை. வெளியே புகைமூட்டம். இரண்டு பஸ் மாறி வந்து சேரும்போதே மூச்சு விசில் அடிக்கும். பம்பை இழுத்தால் அரைமணி நேரத்தில் நெஞ்சு திறக்கும். அந்த அரைமணி நேரத்தை அந்து அறையில் கழிக்க முடியாது. நடைக்கூடத்தில் உட்கார்ந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். பிரக்கான் அறையில் செதில் இல்லை. கண்ணாடிச் சிமினிகளுக்குள் குளவிகள். சிமினி வாயில் இரண்டு துணிகளுக்கு நடுவே, முந்தின நாள் எடுத்து வைத்த புழுக்களை வைத்துக் கட்ட வேண்டும், தேன் சொட்டு வைக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை. எனவே எட்டு மணிக்கு அங்கே போனாள். எட்டரைக்கு, கோட்டைக் கழற்றி உதறி, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்து அறைக்கு வந்தாள்.

கோட்டு ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் பூச்சி குறைந்தது. முதல் அடுக்கில் ஒரு பெட்டியைக் கிளறிப் பார்த்தாள் வீராயி. நல்ல புழு விரல் பட்டால் பின்பக்கமாகத் துள்ளி ஓடும். இது ஓடவில்லை. பிசுபிசுத்த நூலாம்படைக்குள் துவண்டு கிடந்தது. அதை விரலில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஏழெட்டுக் குளவிகள் வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்தன.

"அபிராமி கண்ணு, இங்க கொஞ்சம் வாயேன்."

அபிராமி தேனிப் பெண். ஆராய்ச்சி மாணவி, நான்காம் வருடம். ராஜஸ்தான் எல்லையிலிருந்து ஒரு டிரைக்கோகிரம்மாவைப் பிடித்து வந்து, நாற்பது தலைமுறையாகச் சூட்டில் வைத்து, பிழைத்ததை மட்டும் பெருக்கி, மே மாத வெயிலைத் தாங்கும் ஒரு வம்சத்தை உருவாக்கி வைத்திருந்தாள். நஜஃப்கட் பக்கம் தக்காளி வயலில் அதைச் சோதிக்க வேண்டும். அவளுடைய உதவித்தொகை ஏப்ரலில் முடிகிறது.

அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் புழுவின் மேல் வைத்தாள். முதுகில் வெள்ளைத் துணுக்காக நான்கு முட்டைகள்.

"போச்சுக்கா," என்றாள். "பிரக்கான்."

"எத்தினி பொட்டிலன்னு பாக்கலாமா?"

"பாக்கலாம். பாத்தா அழுகதான் வரும்."

நூற்று இருபத்தெட்டுப் பெட்டிகளில் இருந்தது. அபிராமி எல்லா அடுக்குகளையும் ஒரு தாளில் வரைந்து, பிடித்த பெட்டிகளைச் சிவப்பாகப் பூசினாள். கதவோரத்து முதல் அடுக்கு முழுச் சிவப்பு. இரண்டாவது கொஞ்சம் குறைவு. கடைசி அடுக்கில் அங்கங்கே புள்ளி.

"கதவு வழியாத்தான் வந்துருக்கு," என்றாள் அபிராமி. பிறகு மெதுவாக, "போன மாசம் ஒரு சாயங்காலம் குழாய் எடுக்க வந்தேன்க்கா. கதவச் சாத்துனேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல."

வீராயி அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் தினமும் பூச்சி பிடிக்கத் தொடங்கும் அடுக்கு அது. கோட்டோடு முதலில் குனியும் இடம். கதவைப் பற்றி அபிராமி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாளியை எடுத்து வந்து தரையைக் கழுவத் தொடங்கினாள்.

பொறுப்பு விஞ்ஞானி ராமசுப்ரமணியன் கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுத் தமிழும் வெளி இந்தியும் ஒரே வாயில் இருக்கும். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபம். மாணவர்களுக்குப் பிறந்தநாள் கேக் வாங்குவார், அப்பாவுவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அங்கே போன் செய்தவர் அவர்தான். காகிதத்துக்கு மட்டும் பயப்படுவார்.

"இது சோட்டி பாத் இல்ல, சின்ன விஷயமே இல்ல, அபிராமி," என்றார். "மார்ச்ல ரிவியூ. நாலு பிராஜெக்ட் இந்த முட்டைய நம்பி நிக்கறது. காரணம் என்னன்னு மேல கேப்பா. கதவ நீ திறந்து விட்டிருந்தா எழுதிக் குடுத்துடு. திங்கக்கிழமைக்குள்ள."

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும் சார்?"

"கமிட்டி பாக்கும்."

"உதவித்தொக நின்னுருமா?"

அவர் கணினித் திரையைப் பார்த்தார். "கமிட்டி பாக்கும்னேனே."

இருநூறு பெட்டிகளையும் மின்சூளையில் போட்டுச் சூடேற்றி அழித்தார்கள். மூன்று நாள் அந்தக் கம்பு வெந்த வாசனை கட்டடத்தில் நின்றது. சனிக்கிழமை மதியம் வீராயி கடைசி அடுக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். அபிராமி தரையில் உட்கார்ந்து மடிக்கணினியில் விளக்கக் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், அழிப்பாள்.

"இன்னா எழுதற கண்ணு?"

"என் கவனக்குறைவால்னு ஆரம்பிச்சிருக்கேன். அதுக்கு மேல கை போகல."

"எழுதாத."

"எழுதலேன்னா எழுதச் சொல்லி இன்னொரு லெட்டர் வரும்."

"எழுதாதன்னு சொல்றன்ல." வீராயி துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டாள். "கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல. நாந்தான் கொண்டாந்தன். இந்தக் கோட்டுல."

முதலில் அபிராமிக்குப் புரியவில்லை. வீராயி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ், பம்பு, அரைமணி நேரம், குளவி அறை, உதறிய கோட்டு. சொல்லி முடித்தபோது அபிராமியின் முகம் சிவந்திருந்தது.

"நாலு நாளா நான் தூங்கல. நீங்க பக்கத்துலயே நின்னு தரையக் கழுவிட்டிருந்தீங்க."

"ஆமா."

"வரிச தெரியும்ல உங்களுக்கு? என்னைய விட நல்லாத் தெரியும்ல?"

"தெரியும். மூச்சுக்குத் தெரியில."

அபிராமி எழுந்து வெளியே போனாள். கால்மணி நேரம் கழித்து இரண்டு கிளாஸ் சாயோடு வந்தாள். ஒன்றை வீராயியின் பக்கத்தில் வைத்தாள்.

"முன்னாடியே சொல்லிருக்கலாமே. உடம்புக்கு முடியலேன்னு."

"பவுனு சொன்னா."

பவுனு போன நாளில் அபிராமியும் இங்கேதான் இருந்தாள். சொந்த ஊர் போய்விட்டாள் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டாள். பவுனு இரண்டு தெரு தள்ளி மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

திங்கட்கிழமை இருவரும் ராமசுப்ரமணியன் அறைக்குப் போனார்கள். வீராயியே பேசினாள். தான் செய்ததை மறைக்கவில்லை, ஏன் செய்தாள் என்பதையும் மறைக்கவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. அதைவிட வேகமாக ஏதோ கணக்கும் ஓடியது. இவள் பெயரை எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குச் செதில் என்று எழுத வேண்டும். செதில் என்றால் காற்றுறிஞ்சி. காற்றுறிஞ்சி என்றால் இரண்டு வருடக் கோப்பு. இரண்டு அறைக்கு ஒரு ஆள் என்றால் அந்த உத்தரவில் இருப்பது அவர் கையெழுத்து.

"இதோ பாரு," என்றார் கடைசியில். "யாரும் எதுவும் எழுத வேண்டாம். காரணம் தெரியலைன்னு ரிப்போர்ட் போட்டுடறேன். அபிராமி, உன் லெட்டரும் வேண்டாம். வீராயி, உன் வேலையும் பத்திரம். அச்சா? இன்னொரு கோட்டு வாங்கித் தரேன். மாஸ்க் ஒரு டிப்பா வாங்கறேன். நீ வரிசைய மட்டும் மாத்தாதே. எட்டு மணிக்கு முடியலைன்னா ஒம்போதுக்கு வா."

"அந்து அறைதான சார்?"

"பின்ன எது? உன்ன மாதிரி கை வேற யாருக்கு இருக்கு?"

வெளியே வந்ததும் அபிராமிக்கு அழுகை வந்தது. நிம்மதியா வெட்கமா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. வீராயி அவளைத் தேற்றவில்லை. மூவரையும் காப்பாற்றிய ஒரு ஏற்பாடு, ஒருத்தியை மட்டும் அதே அறைக்குள் வைத்து.

ஜெய்ப்பூரிலிருந்து சுத்தமான முட்டை வந்தது. டிசம்பர் நடுவில் புதுக் கம்பில் தூவினார்கள். அபிராமி தன் சூட்டுக் குளவி வம்சத்தைச் சாக விடக்கூடாதே என்று வாரம் ஒருமுறை குளிர்ப்பெட்டியோடு மெட்ரோவில் காஜியாபாத் போய், அங்கிருந்த ஒரு ஆய்வகத்தில் கெஞ்சி முட்டை வாங்கி வந்தாள். எட்டு நாளுக்கு ஒரு தலைமுறை. ஒரு வாரம் தவறினால் நாற்பது தலைமுறையும் போய்விடும்.

அந்த ஆறு வாரம் அந்து அறையில் புழுக்கள் மட்டும் இருந்தன. பூச்சி இல்லை. பூச்சி இல்லாததால் செதில் இல்லை.

வீராயி தூங்கினாள். புகைமூட்டம் அப்படியேதான் இருந்தது. பஸ் அப்படியேதான் இருந்தது. ஆனால் இழுப்பு தணிந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு ஒரு முறை, பிறகு பம்பைப் பையிலேயே மறந்துவிட்டாள். "என்னாடி, விசில் சத்தத்தக் காணும்? ராத்திரி எனக்குத் தூக்கமே வரல," என்று அப்பாவு கேலி செய்தான். அவளும் சிரித்தாள். சிரித்தபோது இருமல் வரவில்லை என்பதைக் கவனித்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

இத்தனை வருடமாக அவளுக்கு வயதாகிறது என்றார்கள். தில்லிக் குளிர் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். இப்போது ஆறு வாரத்தில் அவளுடைய உடம்பே ஒரு சோதனை நடத்தி முடிவைச் சொல்லிவிட்டது. பூச்சியை எடுத்தால் நோய் போகிறது. இனி பூச்சி வரும்போது நோய் வந்தால் சோதனை முழுமையாகும்.

இந்த நாட்களில் அவள் வரிசை தவறவில்லை. முதலில் அந்து அறை, பிறகு குளவி அறை, இரண்டு அறைக்கும் தனிக் கோட்டு. ஒரு பெட்டியிலும் பிரக்கான் இல்லை. அபிராமி ஜன்னலோரம் பசை தடவிய அட்டை ஒன்றை மாட்டி வைத்தாள். பெரிய புழுக்களை ஒரு கிண்ணத்தில் போட்டுத் துணி கட்டிக் கதவருகே காவலுக்கு வைத்தாள். குளவி நுழைந்தால் முதலில் அந்தக் கிண்ணம்தான் துவளும். துவளவில்லை.

ஜனவரி கடைசியில் முதல் பூச்சிகள் வந்தன. மூன்றாம் நாள் வீராயி முகமூடிக்குள் இருமினாள். ஒரு வாரத்தில் பூச்சி ஆயிரக்கணக்கில் கிளம்பியது. பெட்டி பெட்டியாகத் துணியின் அடியில் சாம்பல் பூத்தது. ராமசுப்ரமணியன் வந்து பார்த்து, "வாஹ்! இவ்வளவு நல்ல கல்ச்சர் நான் பார்த்ததே இல்ல," என்றார். நல்ல கல்ச்சர் என்றால் நிறையப் பூச்சி. நிறையப் பூச்சி என்றால் நிறையச் செதில். அவள் வேலை நன்றாக நடப்பதற்கும் அவள் மூச்சு நின்றுபோவதற்கும் அளவுகோல் ஒன்றே.

பிப்ரவரி ஐந்தாம் தேதி ஒன்பது மணிக்கு அவள் அந்து அறை வாசலுக்கு வந்தாள். நெஞ்சு திறக்கவில்லை. பம்பை மறுபடி இழுத்தாள். நடைக்கூடத்தின் கடைசியில் பிரக்கான் அறை தெரிந்தது. அங்கே போய் அரைமணி நேரம் உட்காரலாம். போனால் அபிராமியின் ஏப்ரல் போய்விடும். கதவைத் திறந்து உள்ளே போகலாம். போனால் என்ன ஆகும் என்று இப்போது அவளுக்கு ஐயமே இல்லை. தெரியாமலிருந்தபோது இந்தக் கதவைத் திறப்பது சுலபமாக இருந்தது.

வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு அபிராமி வந்தாள். "என்னக்கா, முட்ட எடுக்கலையா? அடுத்த வாரம் வயலுக்கு அட்ட போடணுமே, இன்னைக்குத்தான் முட்ட தூவணும்."

"தொறக்க மாட்டன் கண்ணு."

"முடியலையா? கொஞ்ச நேரம் கழிச்சு..."

"கழிச்சும் மாட்டன். எனக்கு இந்த ரூம்பாலதான் இப்பிடி ஆவுதுன்னு சார் எழுதட்டும். எழுதி, அந்த ஃபேன் ஓட்டைய அடச்ச அட்டைய எடுக்கட்டும். அப்பறம் தொறக்கறன்."

அபிராமி சாவியைப் பார்த்தாள். வீராயி அதை மடியில் வைத்திருந்தாள். கேட்டால் கொடுத்திருப்பாள். அபிராமி கேட்கவில்லை. வாசலோர அலமாரியிலிருந்து அறையின் தினப்பதிவேட்டை எடுத்தாள். பக்க எண் அச்சிட்ட தடித்த புத்தகம். வெப்பம், ஈரப்பதம், பிடித்த பூச்சி, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். கதவுக்கு வெளியே இருந்த மானியைப் பார்த்து வெப்பம் இருபத்தெட்டு என்று எழுதினாள். பூச்சி என்ற கட்டத்தில் சுழி போட்டாள். குறிப்பில் எழுதினாள்: 'செதில் தூசியால் பணியாளருக்கு மூச்சுத்திணறல். காற்றுறிஞ்சி அடைக்கப்பட்டுள்ளது. பணி நடைபெறவில்லை. டிசம்பர் இழப்புக்கும் இதுவே காரணம்.' கீழே கையெழுத்துப் போட்டாள். அடுத்த கட்டத்துக்கும் மை இழுபட்டது.

ராமசுப்ரமணியன் பதினொரு மணிக்கு அதைப் படித்தார். பக்கத்தைக் கிழிக்க முடியாது, எண் உண்டு. அபிராமியைப் பார்த்தார். "உன் நன்மைக்குத்தானே நான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

"வீராயி, நீ வயலுக்குப் போ. அட்ட கட்டற வேலை. மார்ச் வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"மார்ச்சுக்கு அப்பறம் சார்?"

"அது டேக்கேதார் கையில."

"இந்த ரூம்பு?"

"ஆள் வரச் சொல்லியிருக்கேன். பூச்சி நிக்குமா நமக்காக?"

ஆள் பன்னிரண்டரைக்கு வந்தாள். சஞ்சு தேவி, பீகாரின் சமஸ்திபூர்க்காரி, இருபத்தாறு வயதிருக்கும். டேக்கேதாரின் சீட்டைக் கையில் வைத்திருந்தாள். வீராயி சாவியைக் கொடுக்கும் முன் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னாள். செதிலை, இழுப்பை, பவுனுவை, டாக்டர் சொன்னதை. முகமூடியை இரண்டாகப் போடு என்றாள். எதுவும் வந்தால் முதல் நாளே அந்தப் புத்தகத்தில் எழுதச் சொல் என்றாள். அபிராமி பக்கத்தில் நின்று தப்பும் தவறுமான இந்தியைத் திருத்திக் கொடுத்தாள்.

சஞ்சு தேவி முழுதும் கேட்டாள். பிறகு கேட்டாள்: "தீதி, ஃபிர் ஆப் சாத் ஸால் க்யோன் கியே?"

அக்கா, அப்படியென்றால் ஏழு வருடம் நீங்கள் ஏன் செய்தீர்கள்?

வீராயி பதில் தேடினாள். அப்பாவுவின் இடுப்பைச் சொல்லலாம். வாடகையைச் சொல்லலாம். ஆனால் கேட்டவளின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையின் பால் புட்டி துணிப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாத எதையும் வீராயி சொல்லிவிடப் போவதில்லை.

சஞ்சு தேவி சாவிக்குக் கை நீட்டினாள். புடவை முந்தானையை முகமூடியின் மேல் இழுத்து, மூக்கைச் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குளிர் உள்ளே போகக் கூடாதென்று அவளுக்கு யாரோ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.